வேலை போனபின் வங்கிக்கு எழுதும் கடிதம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலை திடீரென்று போய்விட்டால், கடன் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேட்டு வங்கிக்கு எழுதுவது மறுசீரமைப்புக் கோரிக்கை எனப்படும். இதைப் பற்றி மக்களிடையே உலவும் நான்கு நம்பிக்கைகள் கடன்காரருக்கே பாதகமாக முடிகின்றன.

நம்பிக்கை 1: இரண்டு மூன்று தவணை தவறட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

உண்மை: தவணை தவறிய நாளிலிருந்தே வங்கியில் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 30 நாள், 60 நாள் என நிலுவை நீளும்போது எச்சரிக்கைப் பட்டியலில் அடுத்தடுத்த படிக்குப் போகும் கடன், 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகும். வீட்டுக் கடனாக இருந்தால் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாச அறிவிப்பு அனுப்பும் அதிகாரமும் அப்போது வங்கிக்குக் கிடைக்கிறது. ஆகவே முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடிதம் கிளைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நம்பிக்கை 2: கொரோனா காலத்தில் கொடுத்தார்கள், இப்போதும் கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மை: 2020 மார்ச் ஊரடங்கில் ஏற்காட்டு விடுதிகள் மூடப்பட்டபோது தவணை விடுப்பு கிடைத்தது ரிசர்வ் வங்கியின் தனி அறிவிப்பால்தான். அதையடுத்து 2020 ஆகஸ்ட் 6 அன்று வந்த மறுசீரமைப்புத் திட்டமும், 2020 மார்ச் 1 அன்று நிலுவை 30 நாளுக்கு மிகாதவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2021 மே மாதம் வந்த இரண்டாம் திட்டத்தில் சேரும் கெடு அந்த ஆண்டு செப்டம்பர் 30 உடன் முடிந்தது.

இன்று முடிவு அந்தந்த வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. வங்கி தயங்குவதற்கு ஒரு காரணமும் உண்டு. நெருக்கடியில் இருப்பவருக்காக நிபந்தனையைத் தளர்த்தினால், அதுவரை ஒழுங்காக இருந்த தனிநபர் கடன் கணக்கும் பொதுவாக வாராக்கடன் வகைக்கு இறக்கப்படும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். எனவே, கணக்கு எந்த வகையில் சேர்க்கப்படும், எப்படிப் பதிவாகும் என்று கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

நம்பிக்கை 3: கஷ்டத்தை உருக்கமாக எழுதினால் போதும்.

உண்மை: மேலாளர் பார்ப்பது திருப்பிச் செலுத்தும் வழியை. ஒரு கற்பனை உதாரணம்: கரடியூரைச் சேர்ந்த ஒருவர் ஏற்காட்டு விடுதியில் பார்த்த வேலையை நவம்பரில் இழக்கிறார். வீட்டுக் கடனில் பாக்கி 8,00,000 ரூபாய். வட்டி 9 சதவீதம். மீதிக் காலம் 10 ஆண்டு. மாதத் தவணை 10,134 ரூபாய். கணவன் மனைவி இருவரும் காப்பித் தோட்டக் கூலிக்குப் போவதால் வரவு 15,000. குடும்பச் செலவு 9,000 போக மிஞ்சுவது 6,000. கடனின் ஒரு மாத வட்டியும் 6,000தான்.

அவருடைய கோரிக்கை இப்படி இருக்கலாம்: "என் பணி நவம்பரில் முடிவுற்றது, பணிநீக்கக் கடிதம் இணைத்துள்ளேன். டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதம் வட்டியை மட்டும் செலுத்தவும், கடன் காலத்தை ஆறு மாதம் நீட்டிக்கவும் அனுமதி கோருகிறேன். கோடை சீசனில் விடுதி வேலை கிடைக்கும் வாய்ப்பு இருப்பதால் ஜூனில் பழைய தவணையைத் தொடர முடியும்." இதனுடன் கடன் கணக்கு எண், கடைசிச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வரவு செலவுப் பட்டியல் ஆகியவையும் சேர வேண்டும்.

நம்பிக்கை 4: தவணையை முழுதாக நிறுத்தி வைப்பதுதான் லாபம்.

உண்மை: தவணை நின்றாலும் வட்டி நிற்பதில்லை. மேற்கண்ட உதாரணத்தில் வட்டியை மட்டும் கட்டினால் கூடுதல் செலவு ஆறு மாத வட்டியான 36,000 ரூபாய். எதையுமே கட்டாமல் விட்டால் வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி சுமார் 8,36,700 ஆகும். பழைய தவணையிலேயே அதை அடைக்க ஒன்பது தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும். அதாவது ஏறக்குறைய 93,000 ரூபாய். சிறு தொகையாவது கட்ட முடிந்தவர் முழு விடுப்பு கேட்காமல் இருப்பதே சிக்கனம்.

கடிதம் கொடுத்ததாலேயே தவணை மாறிவிடாது. எழுத்துமூல ஒப்புதல் வரும்வரை, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு பழைய தொகைக்கே தொடரும். பணம் இல்லாமல் அது திரும்பினால் அபராதம் விழும். ஒப்புதல் வந்தபின் புதிய நிபந்தனைகளுக்கான துணை ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரரும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைப்பது அவசியம். பதில் வராவிட்டால் முதலில் வங்கியிடமே எழுத்துமூலம் புகார் செய்து, அதற்கும் 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட அந்த நகலே ஆதாரம். ஆனால் பதில் தராததைத்தான் அங்கே முறையிட முடியும். கடனை மாற்றியமைக்க மறுத்த வணிக முடிவில் குறைதீர்ப்பாளர் தலையிடுவதில்லை.