அடியில் யார் நிற்கிறார்?

கேள்வி: பாட்டுத் தாளில் G/B என்று போட்டிருக்கிறது. வெறும் G வாசித்தால் போதாதா?

பதில்: சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்டு, பின்னால் இருப்பது அடியில் ஒலிக்க வேண்டிய பாஸ் சுரம். G, B, D என்ற அதே மூன்று சுரங்கள்தான். B கீழே வந்ததால் இது முதல் தலைகீழ் வடிவம். C, G, Am என்று வாசித்தால் பாஸ் தாவும். நடுவில் G/B வைத்தால் C, B, A என்று படிப்படியாக இறங்கும். G ஊன்றி நிற்கும். G/B நிற்காது, அடுத்த கார்டை நோக்கிச் சாயும். கிட்டாரில் இந்த B ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. ஆறாம் தந்தி ஒலிக்கக் கூடாது. பாஸ் கிட்டார்காரர் G-யையே பிடித்தால் உங்கள் மெனக்கெடல் வீண். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.