கபிலைக் கரையில் சுவர் எழுப்புகிறவர்களுக்கு

நஞ்சன்கூட்டுக்கு வேலை பழக வந்திருக்கும் சூப்பர்வைசர் பிள்ளைகளுக்கும், புதிதாகக் கரண்டி பிடித்திருக்கும் கொத்தனார்களுக்கும் இதை எழுதுகிறேன். வீட்டுச் சுவரைப் பற்றி அல்ல. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், மேட்டு மண்ணைச் சரியாமல் பிடித்து நிறுத்தும் தாங்கு சுவரைப் பற்றி. நீங்கள் ரீட்டெயினிங் வால் என்று சொல்வதுதான்.

1. கல் எடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

மூன்று மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ பத்தடியில், ஒரு கருங்கல் கட்டுச் சுவரை எடுத்துக்கொள்வோம். மேலே 60 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஒன்றரை மீட்டர். பின்பக்கம் செங்குத்து, முன்பக்கம் சாய்வு. இதில் ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏழரை டன் வரும்.

பின்னால் காய்ந்த முரம்பு மண் நிரப்பியிருக்கிறது. மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசித் தங்களைத் தாங்களே பெருமளவு பிடித்துக்கொள்ளும். அதனால் மண்ணின் எடை கீழ்நோக்கி அழுத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.7 டன். சுவர் நகராமல் அடித்தளத்தில் பிடித்துக்கொள்ளும் உராய்வு சுமார் 4.1 டன். ஒன்றரை மடங்கு இருக்கிறது, போதும்.

இப்போது அதே மண் மேல்வரை நீரில் ஊறி, நீர் போக வழியில்லாமல் நிற்கிறது என்று வையுங்கள். நீரில் மூழ்கிய மண்ணின் எடை குறைவதால் மண்ணின் தள்ளல் ஒன்றரை டன்னாகக் குறைகிறது. ஆனால் நீருக்கு உராய்வு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு என்ற சலுகையும் அதற்கு இல்லை. கீழே அழுத்துவது அத்தனையையும் பக்கத்திலும் அழுத்தும். அதன் பங்கு மட்டும் 4.5 டன். இரண்டும் சேர்ந்து 6 டன். பிடிப்பதோ 4.1 டன். சுவர் நகர்ந்துவிடும். போதாக்குறைக்கு, அடித்தளத்துக்குக் கீழே புகும் நீர் சுவரை மேலே தூக்கும். அந்த 4.1-ம் மூன்றுக்குக் கீழே இறங்கிவிடும்.

கல்லின் தரம், கலவை விகிதம், கொத்தனாரின் கைத்திறன் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கான்கிரீட் சுவர் என்றால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஜூலை 2 அதிகாலை, மும்பை மலாடில் கட்டி அதிக ஆண்டு ஆகாத ஒரு சுவர் கனமழையில் விழுந்து, கீழே குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவிலிருந்து இறங்கிய மழைநீர் சுவருக்குப் பின்னால் சேர்ந்திருந்தது.

2. ஆற்றங்கரையில் வேலை என்றால் வெள்ளம் ஏறும் நாளை விட இறங்கும் நாளுக்குப் பயப்படுங்கள்.

இந்த ஊரில் இதைத் தெரியாமல் யாரும் கரையோரம் கல் வைக்கக் கூடாது. 2018 ஆகஸ்டிலும் 2019 ஆகஸ்டிலும் கபினி அணையிலிருந்து பெரும் நீர் திறந்தார்கள். 2019-இல் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. கபிலை பெருகி ஊருக்குள் வந்தது, மைசூரு சாலையில் போக்குவரத்து நின்றது. அப்படி ஆறு சுவரின் முன்பக்கம் நிறைந்து நிற்கும்போது, பின்பக்க மண்ணும் ஊறித்தான் இருக்கும். ஆனாலும் முன்னால் நிற்கும் நீர் சுவரை எதிர்ப்பக்கம் தாங்கிக்கொள்கிறது. இரு பக்க நீரின் தள்ளலும் ஏறக்குறைய சமம்.

பீச்சனஹள்ளியில் அந்த அணையின் மதகை இறக்கியதும் ஆறு விறுவிறுவென்று வடியும். மண்ணுக்குள் இருக்கும் நீர் அந்த வேகத்தில் வடியாது. மணல் மண் என்றால் சில மணி நேரம், களிமண் கலந்திருந்தால் பல நாள். அந்த இடைவெளியில் முன்பக்கத் தாங்கல் போய்விட்டது, பின்பக்கத் தள்ளல் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன 6 டன் கணக்கு அப்போதுதான் உண்மையாகிறது. வெள்ளத்தை முழுசாகத் தாங்கிய சுவர், வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகு விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வெள்ளம் வடிந்ததும் ஆற்றுப் படிக்கட்டைப் பார்க்கப் போகும் கூட்டத்தைச் சுவரோரம் நிற்கவிடாதீர்கள்.

3. வீப் ஹோல் என்பது கணக்குக்கு வைக்கும் ஓட்டை அல்ல.

சாலை அமைச்சக விவரக்குறிப்பு சொல்வது எளிமையானது: 100 மில்லிமீட்டர் பைப், வெளிப்பக்கம் சரிந்து, இருபதுக்கு ஒன்று சாய்வு. நெடுக்கிலும் குறுக்கிலும் இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்த வரிசைகளை நேருக்கு நேர் வராமல் மாறி மாறி வைப்பது நல்லது. அடி வரிசை, முன்பக்கத் தரை, ஆற்றின் தாழ்நீர் மட்டம் இரண்டில் எது உயரமோ அதிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் மேலே இருக்கலாம். அடி வரிசையில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஓட்டைக்குக் கீழே இருக்கும் நீரை அந்த ஓட்டை வடிக்காது, அழுத்தமும் அங்கேதான் அதிகம்.

விதி புத்தகத்தில் இருக்கும், ஓட்டை அடைபட்டிருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான். பைப்பைச் சுவர் கனத்தை விடக் குட்டையாக வெட்டி, பின்பக்க வாயைக் கலவை மூடிவிடும். அல்லது கல் சரியாக உட்காராததால் பைப் உள்பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் பூச்சுக்காரர் வந்து அழகுக்காக வெளிவாயையும் பூசிவிடுவார். பைப்பைச் சுவர் கனத்தை விட இரு விரல்கடை நீளமாக வெட்டுங்கள். வேலை நடக்கும்போது இரு வாயிலும் சாக்குத்துணி அடையுங்கள், முடிந்ததும் மறக்காமல் பிடுங்குங்கள். மண் நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டையிலும் பின்பக்கமிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, முன்னால் நிற்பவர் "வந்தது" என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

4. ஓட்டைக்குப் பின்னால் வடிகட்டி இல்லாவிட்டால் ஓட்டையே வைக்காதீர்கள்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். வெறும் மண்ணுக்குள் பைப்பை நீட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். களிமண் வாயை அடைத்து ஒரே மழைக்காலத்தில் ஓட்டை செத்துவிடும். மணற்பாங்கான மண் என்றால் நீரோடு மண்ணும் வெளியே வந்துகொண்டே இருந்து, சுவருக்குப் பின்னால் பொந்து விழும். மேலே போட்ட தரையோ சாலையோ ஒருநாள் உள்ளே இறங்கும்.

சுவரின் முதுகு நெடுக 60 சென்டிமீட்டர் கனத்துக்கு வடிகட்டிப் படுகை வேண்டும். சுவரை ஒட்டிப் பெரிய ஜல்லி, அதற்கடுத்துச் சின்ன ஜல்லி, மண்ணை ஒட்டிக் கரடுமுரடான மணல். இந்த வரிசை மாறக் கூடாது. மண்துகள் மணலின் இடுக்கில் நுழையக் கூடாது, மணல் ஜல்லியின் இடுக்கில் நுழையக் கூடாது, ஜல்லி பைப்புக்குள் நுழையக் கூடாது. டீக்கடை வடிகட்டி தூளை நிறுத்திவிட்டு டிகாக்ஷனை விடுகிற மாதிரிதான். வெறும் 40 மில்லிமீட்டர் ஜல்லியைக் கொட்டி அதன் மேல் மண்ணைத் தள்ளினால், இரண்டு வருடத்தில் ஜல்லி இடுக்கெல்லாம் சேறாகி, படுகை இருந்தும் இல்லாததுதான்.

எப்படி நிரப்புவது என்பதில்தான் வேலை தெரிந்தவர் யார் என்று தெரியும். மூன்று அடுக்கையும் முழு உயரத்துக்குத் தனித்தனியாக நிறுத்த முடியாது. இரண்டு தகரத் தகடுகளை இடைச்சுவராக நிறுத்தி, ஓரடி உயரத்துக்கு ஜல்லி, சின்ன ஜல்லி, மணல், பின்னால் மண் என்று ஒரே மட்டத்தில் நிரப்புங்கள். தகடுகளை மெல்ல மேலே இழுத்துவிட்டு அடுத்த ஓரடி. மணல் விலை கட்டவில்லை என்றால், ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். கம்பளி போலிருக்கும் நெய்யாத வகையாகப் பாருங்கள். ஓரங்களை ஓரடியாவது ஒன்றின்மேல் ஒன்று போடுங்கள். சிமெண்ட் சாக்கு அதற்கு மாற்று ஆகாது. உடைந்த செங்கலும் இடிபாட்டுக் குப்பையும் படுகை ஆகாது, அதில் பாதி தூள்.

5. நீர் உள்ளே போவதையே குறையுங்கள்.

நஞ்சன்கூடு தாலுகாவில் செம்மண்ணும் உண்டு, கறுப்பு மண்ணும் உண்டு. அஸ்திவாரம் தோண்டிய கறுப்பு மண்ணைச் சுவருக்குப் பின்னாலேயே தள்ளிவிட்டால் லாரி வாடகை மிச்சம் என்று முதலாளி சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நனைந்தால் வீங்கும், வீங்கும்போது தனியாகத் தள்ளும். அந்தத் தள்ளலை எந்த ஓட்டையும் குறைக்காது. முரம்பு போடுங்கள். சுவரை ஒட்டிப் பெரிய ரோலரை ஏற்றாமல் சின்னத் தட்டு வைப்ரேட்டரால் இறுக்குங்கள். மேலே ஓரடிக்குக் களிமண் மூடாக்கு, சுவருக்கு எதிர்ப்பக்கம் சரிவு, சரிவின் முடிவில் ஒரு வாய்க்கால்.

2021 அக்டோபர் மழையில் சாமுண்டி மலையில் நந்தி சிலைக்குப் போகும் சாலையின் பள்ளத்துப் பக்கம் சரிந்து, போக்குவரத்தையே நிறுத்த வேண்டி வந்தது. மலைச்சாலை எதுவானாலும் மேல்பக்க வாய்க்கால் அடைபட்டால், நீர் சாலையைக் கடந்து பள்ளத்துப் பக்க மண்ணுக்குள்தான் இறங்கும். வீடுகளில் வாய்க்காலை விட சம்ப்பும் செப்டிக் டேங்கும்தான் வில்லன்கள். சுவரை ஒட்டி அவற்றைக் கட்டினால் கசிவு மழைக்காலத்துக்குக் காத்திருக்காது.

6. முன்னால் பக்கத்து வீட்டு மனை இருந்தால் ஓட்டை விட முடியாது.

நம் தண்ணீர் அவர் வாசலில் விழும், வழக்கு வரும். அப்போது படுகையின் அடியில் ஓட்டை போட்ட பைப்பைத் துணி சுற்றி, நூற்றுக்கு ஒன்று சரிவில் படுக்கவைத்துச் சுவரின் முனையில் வெளியே எடுங்கள். நடுவில் திறந்து கழுவ ஒரு வாயும் வையுங்கள்.

7. பழைய சுவரைப் பார்க்கச் சொன்னால் மழைக்கு மறுநாள் போங்கள்.

ஓட்டைகளிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சுவர் நன்றாக இருக்கிறது. கலங்கலாக வந்தால் பின்னால் மண் கரைகிறது. பெருமழைக்குப் பிறகும் எல்லா ஓட்டையும் உலர்ந்திருந்து, கல் இணைப்புகளில் மட்டும் ஈரமும் வெள்ளை உப்பும் தெரிந்தால் நீர் உள்ளே சிக்கியிருக்கிறது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், கீழ்ப்பாதியில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று. மேலே ஏறி, சுவருக்கு இணையாக மண்ணில் வெடிப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். வயிறும் வெடிப்பும் சேர்ந்து தெரிந்தால் கீழே இருப்பவர்களை அன்றே காலி செய்யச் சொல்லுங்கள். அந்த நிலையில் துளை போடுவது உங்கள் வேலை இல்லை, எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

அடைப்பு மட்டும்தான், சுவர் நேராக நிற்கிறது என்றால் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். மண்ணே வந்தால் உள்ளே படுகை இல்லை என்று அர்த்தம். கோடையில், நீர் இறங்கியிருக்கும்போது, பின்பக்கம் தோண்டிப் படுகை போட்டு மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. தோண்டுவதையும் இரண்டு மூன்று மீட்டர் துண்டாகச் செய்யுங்கள். ஒரு துண்டை நிரப்பிய பிறகே அடுத்ததைத் திறங்கள்.