தவறுதலாகக் கூடுதலாக வழங்கப்பட்ட சம்பளம்: முதலாளியின் கடிதமும் தவணை உடன்பாடும்

சம்பளக் கணக்கில் நேரும் பிழையால் ஊழியருக்குச் சேரவேண்டியதைவிடக் கூடுதலான தொகை வங்கிக் கணக்கில் வந்துவிடுவதுண்டு. பிழை முதலாளியுடையதாயினும் அத்தொகை ஊழியருக்கு உரியதாகிவிடாது. திருப்பிச் செலுத்தப்பட வேண்டியதே. எனினும், ஆஸ்திரேலியச் சட்டப்படி, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அடுத்த சம்பளத்திலிருந்து அதனை முதலாளி கழித்துக்கொள்ள முடியாது. ஆகவேதான் முறையான நிறுவனங்கள் முதலில் கடிதம் அனுப்புகின்றன. அக்கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

சிட்னியின் மேற்குப் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணிபுரியும் பெண் ஒருவர், ஜூலை இறுதியில் மாலைப் பணியிலிருந்து பகல் பணிக்கு மாற்றப்பட்டார். மாலைப் பணிக்கான மேலதிகக் கொடுப்பனவைச் சம்பளப் பிரிவினர் நிறுத்தத் தவறினர். இரு வாரத்திற்கு 200 டாலர் வீதம் ஆறு சம்பளங்களில் 1,200 டாலர் கூடுதலாகக் கணக்கிடப்பட்டது. அதில் வரியாகப் பிடிக்கப்பட்ட 384 டாலர் போக, அவர் கைக்கு வந்தது 816 டாலர். நவம்பரில் நிறுவனம் அவருக்குப் பின்வருமாறு எழுதியது:

“ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தங்களுக்கு வழங்கப்பட்ட ஆறு சம்பளங்களில், மாலைப் பணிக் கொடுப்பனவு தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. இத்தவறு எங்களுடையது, அதற்காக வருந்துகிறோம். ஒவ்வொரு சம்பளத்துக்குமான கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் திருப்பித் தரவேண்டிய தொகை 816 டாலர். நவம்பர் 26 முதல் ஏப்ரல் 29 வரை, இரு வாரத்திற்கு 68 டாலர் வீதம் 12 தவணைகளில் கழித்துக்கொள்ளலாம் எனக் கருதுகிறோம். இத்தொகை தங்களுக்குச் சிரமமாயின் தெரிவிக்கவும். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டலாம். தங்கள் கையொப்பம் கிடைக்கும்வரை எதுவும் கழிக்கப்படமாட்டாது.”

இக்கடிதத்தில் தவறு நேர்ந்த காரணம், மொத்தத் தொகை, செலுத்தும் முறை, தவணையின் கால இடைவெளி ஆகிய நான்கும் தெளிவாக உள்ளன. உடன்பாடு எழுதப்படும்போது அதிலும் இந்நான்கும் இடம்பெற வேண்டும். சம்பளத்தில் கழிப்பதை விரும்பாத ஊழியர், அதே தவணைகளை வங்கி மூலம் தாமே செலுத்துவதாகவும் கேட்கலாம்.

கையொப்பமிடுமுன், இணைக்கப்பட்ட கணக்கைத் தம் சம்பளச் சீட்டுகளோடு ஊழியர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் உண்மையில் எந்த நேரத்தில் பணிபுரிந்தார் என்பதே இங்கு முக்கியம். ஒரு வாரத்தில் வேறொருவருக்குப் பதிலாக அவர் மாலைப் பணி செய்திருந்தால், அவ்வாரத்துக் கொடுப்பனவு அவருக்கு உரியது. அதனைக் கணக்கிலிருந்து நீக்கக் கோரலாம்.

அடுத்துக் கவனிக்கவேண்டியது வரி. இந்த எடுத்துக்காட்டில் கூடுதல் சம்பளம் வழங்கப்பட்டதும் தவறு கண்டறியப்பட்டதும் ஒரே நிதியாண்டில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான காலத்துக்குள் நிகழ்ந்தன. எனவே ஊழியர் கைக்கு வந்த 816 டாலரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். வரித்தொகையை நிறுவனமே சரிசெய்துகொள்ளும். கடிதத்தில் 1,200 டாலர் கேட்கப்பட்டிருந்தால், தாம் பெறாத 384 டாலரையும் அவர் கொடுத்தவராவார். மாறாக, தவறு அடுத்த நிதியாண்டில் கண்டறியப்பட்டால், வரி உட்பட 1,200 டாலரையும் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும். அப்போது நிறுவனத்திடம் கடிதம் பெற்று, முந்தைய ஆண்டின் வரி மதிப்பீட்டைத் திருத்துமாறு ஆஸ்திரேலிய வரி அலுவலகத்திடம் விண்ணப்பிக்கலாம்.

பணியிலிருந்து விலகும்போது மீதித் தொகை என்னவாகும் என்பதையும் முன்னரே எழுதிக்கொள்வது நல்லது. “மீதி முழுவதும் இறுதிச் சம்பளத்தில் கழிக்கப்படும்” என்ற வரி உடன்பாட்டில் இருப்பின், அதனையும் உணர்ந்தே கையொப்பமிட வேண்டும். கொடுத்த சம்மதத்தை ஊழியர் பின்னர் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம். ஆயினும் கடன் அதனால் நீங்காது. கடிதத்திற்குப் பதிலே அளிக்காமல் விட்டால், முதலாளி அத்தொகைக்காக நீதிமன்றத்தை நாடக்கூடும். ஆகவே தவணை கடினமாயின் மௌனமாக இராது, தம்மால் இயன்ற தொகையைக் குறிப்பிட்டு எழுதுவதே சிறந்தது. மேற்கண்ட ஊழியர் 34 டாலர் வீதம் 24 தவணைகள் கேட்டிருந்தாலும் 816 டாலர் முழுமையாகத் தீர்ந்துவிடும்.

சம்மதமின்றிச் சம்பளம் கழிக்கப்பட்டிருந்தால், முதலில் சம்பளச் சீட்டின் பிரதியுடன் நிறுவனத்திற்கு எழுத வேண்டும். தீர்வு கிட்டாவிடில் ஃபெயர் ஒர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர், 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவ்வலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.