பேரீச்சந் தோட்டத்துக்குப் போன பெண்

ஜாபிர் (ரழி) அவர்களின் தாயின் சகோதரி ஒருவர் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய பேரீச்ச மரங்களில் பழம் பறிக்கும் பருவம் வந்துவிட்டது. வெளியே புறப்பட்டவரை ஒரு மனிதர் கண்டித்தார். அந்தப் பெண்மணி நேரே நபி (ஸல்) அவர்களிடம் போய் விடயத்தைச் சொன்னார். போய்ப் பழத்தைப் பறிக்கும்படியும், அதிலிருந்து அவர் தர்மமோ வேறு நற்காரியமோ செய்யக்கூடும் என்றும் நபியவர்கள் பதில் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் இருக்கிறது.

உயர்தர வகுப்புக்காக இதை வாசித்தபோது அந்தப் பதிலின் காரணம்தான் என்னை நிறுத்தியது. 'பாவம், வருமானம் இல்லாதவள், போகட்டும்' என்று அங்கே சொல்லப்படவில்லை. தலாக்கான பெண் பிறருக்குக் கொடுக்கக்கூடியவராகப் பார்க்கப்படுகிறார். (அவருக்கு மூன்று தலாக்கும் முடிந்திருந்ததாக அபூதாவூதின் அறிவிப்பு சொல்கிறது. மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்கில் வெளியே போவதற்குச் சட்டம் வேறு; ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

பூண்டுலோயாவில் என் சாச்சிக்கு விவாகரத்தானபோது ஊரே நாள் எண்ணியது, அதுவும் பிழையாக. நான்கு மாதமும் பத்து நாளும் கணவன் மௌத்தான பெண்ணுக்குரிய இத்தா. தலாக்கான பெண்ணுக்குக் குர்ஆன் சொல்வது மூன்று மாதவிடாய்க் காலம். மாதவிடாய் நின்றவருக்கு மூன்று மாதம். கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. சாச்சியின் இத்தா முடிந்த பிறகும், "இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள ரோட்டுக்கு வந்துட்டாளே" என்று ஒரு கதை போனது. உம்மும்மா வீடு தேடி வந்தவர்களிடம் கணக்கைச் சொன்னார். அதற்கு மேல் யாரோடும் வாதாடவில்லை.

சாச்சி முதலில் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. அங்கே போனால் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கேட்பார்கள். அதனால் நூல் வாங்க டவுன் கடைக்குப் போனார், கூடவே நானும். எதிர்பார்த்தபடியே ஒரு மாமி பிடித்துக்கொண்டார்.

"என்ன மகள், சேர்ந்துட்டீங்களா?"

"இல்ல மாமி, அது முடிஞ்சி. நூல் எடுக்க வந்தன்."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, அவரைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. ஒன்று சொன்னால் அது மாலைக்குள் பத்தாகிவிடும் என்று சாச்சிக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு தரம் அதே கடைக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் அந்த மாமியே துணியின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

பிறகு பாடசாலைகளில் சீருடைத் துணி கொடுத்தார்கள். அதுவும் பேரீச்சம்பழம் மாதிரித்தான், பருவம் தவறினால் காத்திருக்காது. தோட்டத்து லயங்களிலிருந்தும் பிள்ளைகள் அளவு கொடுக்க வந்தார்கள். இரவு பதினொரு மணி வரை மெஷின் ஓடியது. தகப்பன் இல்லாத மூன்று பிள்ளைகளின் சீருடைக்குச் சாச்சி தையல் கூலி எடுக்கவில்லை.