ஒரே ஒரு புராஜெக்ட்டை வைத்து ஆய்வு உதவியாளர் வேலைக்குக் கடிதம் எழுத: சில குறிப்புகள்

ஏப்ரல், மே மாதங்களில் எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுத்த கையோடு, பல்கலைக்கழக இணையதளங்களில் ‘புராஜெக்ட் அசிஸ்டென்ட் தேவை’ விளம்பரங்களைத் தேடத் தொடங்குவார்கள். அரசு நிதியில் ஒரு பேராசிரியர் நடத்தும் ஆய்வுத் திட்டத்துக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு ஆள் எடுப்பார்கள். பயோடேட்டாவோடு ஒரு கவரிங் லெட்டரும் வைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியாகவில்லை, நெட் தேர்வும் எழுதவில்லை, நாலாவது செமஸ்டரில் செய்த ஒரு சின்ன புராஜெக்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் கடிதத்தில் என்ன எழுதுவது? அந்த ஒன்றையே சரியாகச் சொன்னால் போதும்.

உதாரணத்துக்கு ஒரு வேதியியல் மாணவியை வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் 30 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் ஃபுளோரைடு அளவைப் பார்த்தவர். அவர் விண்ணப்பிப்பது, ஆக்டிவேட்டட் அலுமினாவைக் கொண்டு குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் தரும் வரிகளின் பொருளைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள். பதவியின் பெயர், விளம்பர எண், கடைசித் தேதி ஆகியவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள். ‘கட்டாயத் தகுதி’ என்றும் ‘விரும்பத்தக்க தகுதி’ என்றும் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் உள்ளது உங்களிடம் இல்லையென்றால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. இரண்டாவதில் உள்ளது இல்லையென்றால் தயங்க வேண்டாம், அனுப்புங்கள். வேலை விவரம் என்று ஒரு வரி இருந்தால், அதில் வரும் வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அவை: மாதிரி சேகரித்தல், பகுப்பாய்வு செய்தல், பதிவேடு பராமரித்தல். கடிதம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

2. முதல் பத்தி மூன்றே வரி. எந்தப் பதவி, எந்த விளம்பர எண், நீங்கள் இப்போது எங்கே என்ன படிக்கிறீர்கள், உங்கள் புராஜெக்ட் எதைப் பற்றியது. அவ்வளவுதான். “சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தணியாத ஆர்வம்” என்று தொடங்கும் கடிதங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டித்தான் விஷயத்தைத் தேடுவார். தேட விடாதீர்கள்.

3. புராஜெக்ட் பத்தியில்தான் முழு உழைப்பும் போக வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இப்படி எழுதுகிறார்கள்:

“தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம் குறித்த ஆய்வை வெற்றிகரமாக முடித்துள்ளேன். இதன் மூலம் பல்வேறு பகுப்பாய்வு உத்திகளில் நல்ல அனுபவம் பெற்றேன்.”

இதில் பொய் இல்லை. ஆனால் இந்த வரியை யாரும் எழுதலாம், லேப் பக்கமே போகாதவர்கூட. அதே மாணவி இப்படி எழுதினால்:

“பென்னாகரம் பகுதியில் 30 ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பாலித்தீன் புட்டிகளில் நீர் எடுத்து, ஸ்பாட்ன்ஸ் முறையில் 570 நானோமீட்டரில் ஃபுளோரைடை அளந்தேன். முதல் முறை அளந்தபோது ஆறு மாதிரிகள் ஏறத்தாழ ஒரே அளவை, லிட்டருக்கு 1.4 மில்லிகிராமை, காட்டின. இந்த முறையின் அளவீட்டு எல்லை அதுதான் என்பதால், அந்த ஆறையும் சம அளவு வாலை வடிநீர் சேர்த்து மறுபடி அளந்தேன். உண்மை அளவு 1.8 முதல் 2.4 வரை இருந்தது. அந்த ஆறு கிணறுகளும் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவான 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தன.”

இந்த ஐந்து வாக்கியங்களில் பேராசிரியருக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. ஸ்பாட்ன்ஸ் முறையில் சிவப்பு நிறக் கரைசல் ஒன்று சேர்ப்போம். தண்ணீரில் ஃபுளோரைடு கூடக்கூட அந்த நிறம் வெளுக்கும். 1.4-க்கு மேல் போனால் வெளுப்பை நம்பி அளவு சொல்ல முடியாது. எல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஆறு கிணறுகள் ஒரே அளவைக் காட்டுவது இயல்பாக இல்லையே என்று சந்தேகப்பட்டதும், நீர்க்கச் செய்து மறுபடி அளந்ததும் அந்த மாணவியின் முடிவுகள். ஆய்வகத்தில் ஆள் தேடுகிறவர் இந்தச் சந்தேகப்படும் குணத்தைத்தான் தேடுகிறார். கருவி காட்டியதை அப்படியே எழுதிவைக்கும் உதவியாளரால் ஒரு வருட வேலையே வீணாகலாம்.

உங்கள் புராஜெக்ட் வேறாக இருக்கும். ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு லேப் நோட்டைத் திறங்கள். அடித்துத் திருத்திய இடம், மறுபடி செய்த நாள், கைடு கேள்விக்குறி போட்ட பக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்துக்கு வேண்டிய வரி அங்கேதான் இருக்கும், ரிப்போர்ட்டின் முன்னுரையில் இல்லை.

4. குழு புராஜெக்ட் என்றால் உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள். “மூன்று பேர் குழு. மாதிரி எடுத்தது மூவரும், ஃபுளோரைடு அளவீடு முழுக்க நான், கடினத்தன்மையும் காரத்தன்மையும் மற்ற இருவரும்” என்று இரண்டு வரி போதும். எல்லாவற்றையும் ‘நான்’ என்று எழுதினால் நேர்முகத்தில் கடினத்தன்மை டைட்ரேஷன் பற்றிக் கேட்பார்கள், பதில் தடுமாறும். எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று எழுதினாலோ, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

5. தொடாத கருவியைத் தொட்டதாக எழுதாதீர்கள். நம் கல்லூரிகளில் இது மிகவும் சாதாரணம்: மாதிரியைப் பொட்டலம் கட்டி வேறொரு பல்கலைக்கழகத்தின் கருவி மையத்துக்கு அனுப்புவோம், பணம் கட்டுவோம், எக்ஸ்.ஆர்.டி. வரைபடம் இமெயிலில் வரும். பிறகு பயோடேட்டாவில் ‘எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம்., எஃப்.டி.ஐ.ஆர். கையாளத் தெரியும்’ என்று ஏறிவிடும். மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதுங்கள். நானே இயக்கியவை, பக்கத்தில் நின்று பார்த்தவை, வெளியே அனுப்பி வாங்கிய முடிவைப் படித்து விளக்கத் தெரிந்தவை. மூன்றாவது நிலைக்கும் மதிப்பு உண்டு. இரண்டே கருவிகள்தான் முதல் நிலையில் வருகின்றன என்றால் இரண்டையே எழுதுங்கள்.

6. குறையை ஓரிரு வரிகளில் நீங்களே சொல்லிவிடுங்கள். “மாதிரிகள் கோடையில் ஒரு முறை மட்டுமே எடுக்கப்பட்டன. மழைக்குப் பிந்தைய அளவு தெரியாது. வேறு முறையால் சரிபார்க்கவும் இல்லை.” இது உங்களைச் சிறுமைப்படுத்தும் என்று பயப்படாதீர்கள். 30 கிணறுகளை ஒரு பருவத்தில் பார்த்துவிட்டு மாவட்டம் முழுமைக்கும் முடிவு சொல்லும் கடிதத்தைவிட, தன் தரவு எதுவரை பேசும் என்று தெரிந்தவரின் கடிதம் நம்பிக்கை தரும். இதற்கு மேல் வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம்.

7. அவர்களுடைய ஆய்வோடு உங்கள் புராஜெக்ட்டை ஓரிடத்தில் முடிச்சுப் போடுங்கள். “தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்” என்று எழுதுவதால் முடிச்சு விழாது. திட்டத் தலைப்பைப் படித்து, அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது தேடி எடுத்து, முழுவதும் புரியாவிட்டாலும் செய்முறைப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள். அதில் உங்கள் அனுபவம் எங்கே உரசுகிறது என்று பாருங்கள்.

நம் மாணவிக்கு அது அலுமினியத்தில் கிடைக்கிறது. ஆக்டிவேட்டட் அலுமினா வழியாக வடிகட்டிய நீரில் சிறிதளவு அலுமினியம் கலந்து வர வாய்ப்பு உண்டு. ஸ்பாட்ன்ஸ் முறையில் அலுமினியம் குறுக்கிட்டு ஃபுளோரைடைக் குறைத்துக் காட்டும். அதாவது வடிகட்டி உண்மையில் நீக்கியதைவிட அதிகம் நீக்கிவிட்டது போலத் தோன்றும். எனவே அவர் இப்படி எழுதலாம்:

“அலுமினாவால் வடிகட்டிய நீரில் ஸ்பாட்ன்ஸ் அளவீடு குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், ஃபுளோரைடு எலக்ட்ரோடு முறையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அதை நான் இதுவரை செய்ததில்லை. மாதிரி சேகரிப்பும் வடிகட்டுவதற்கு முந்தைய நீரின் அளவீடும் முதல் வாரத்திலிருந்தே என்னால் செய்ய முடியும்.”

தெரியாததையும் தெரிந்ததையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. இப்படி ஒரு முடிச்சு கிடைக்கவில்லையென்றால் வலிந்து போடாமல், விளம்பரத்தில் உள்ள எந்த வேலையை உடனே செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

8. ரிசல்ட் வரவில்லை என்பதை மறைக்காதீர்கள். இறுதியாண்டு மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். சில திட்டங்களில் கடைசித் தேதியன்றே பட்டம் முடித்திருக்க வேண்டும். சிலவற்றில் சேரும் நாளில் புரவிஷனல் சான்றிதழ் இருந்தால் போதும். விளம்பரத்தில் தெளிவாக இல்லையென்றால் அதில் உள்ள முகவரிக்கு இரண்டு வரி இமெயில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். கடிதத்தில்: “நான்காம் செமஸ்டர் தேர்வு முடிந்தது, முடிவு ஜூனில் எதிர்பார்க்கிறேன். மூன்று செமஸ்டர் வரையிலான சராசரி இவ்வளவு. அரியர் இல்லை.” அரியர் இருந்தால் எத்தனை என்பதையும் எப்போது எழுதுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் எப்படியும் தெரிந்துவிடும். அன்றைக்குத் தெரிவது மிகவும் மோசம்.

9. கைடின் பெயரைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். “சார், இந்த வேலைக்கு அனுப்புகிறேன், உங்கள் பெயரையும் நம்பரையும் கொடுக்கலாமா?” என்று கேட்டு, கடிதத்தின் நகலையும் அவர் கையில் கொடுங்கள். பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து கேட்பது வழக்கம். “அந்தப் பொண்ணா, தண்ணி சேர்த்து மறுபடி அளந்துச்சே” என்று அவர் சொல்ல வேண்டுமானால் அவருக்கு நினைவூட்ட வேண்டும் அல்லவா?

10. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். மேலே சொன்ன எல்லாம் நான்கு பத்திகளில் அடங்கும். பி.டி.எஃப். ஆக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரும் பதவியும் வரும்படி பெயர் வையுங்கள். `final_new2.pdf` என்று அனுப்பினால் நாற்பது கோப்புகளுக்கு நடுவே அது தொலையும். இமெயிலின் தலைப்பில் விளம்பர எண் இருக்கட்டும். ஒரே கடிதத்தைப் பல இடங்களுக்கு மாற்றி அனுப்புகிறவர்கள் பேராசிரியரின் பெயரையும் திட்டத் தலைப்பையும் உரக்கப் படித்துச் சரிபாருங்கள்.

11. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் லேப் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், பைண்டிங் செய்த ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்டாண்டர்டு கிராஃப் வரைந்த பக்கத்திலும், மறுபடி அளந்த பக்கத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிடுங்கள். கடிதத்தில் எழுதிய எண்கள் ஒவ்வொன்றும் அந்த நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று முந்தைய நாள் இரவே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். “அந்த ஆறு மாதிரிகளைக் காட்டுங்கள்” என்று கேட்டால் திறந்து காட்டலாம்.