விலை தவறிய விளம்பரமும் வணிகரின் நாணயமும்

அச்சில் ஒரு பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடலாம். கடை விளம்பரத்தில் விலையோ நாளோ தவறினால் ஒரு வரி போதாது. அந்த எண்ணை நம்பிச் சிலர் பணம் கட்டியிருப்பர். சிலர் பேருந்து ஏறியிருப்பர். ஆகவே விளம்பரத்தைத் திருத்துவதோடு, அதை நம்பிச் செயல்பட்டவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வதும் கடைக்காரரின் வேலையாகிறது. இவ்விரண்டாவது வேலையில்தான் வாடிக்கையாளரின் நம்பிக்கை நிற்பதும் போவதும் இருக்கிறது. இதனை இரு உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

சிங்கப்பூர் வழக்கு

டிஜிலேண்ட்மால் என்பது சிங்கப்பூரில் கணினிப் பொருள்களை இணையத்தின் வழி விற்ற நிறுவனம். 2003 ஜனவரி 8-ஆம் நாள் ஊழியர்களுக்கு நடந்த பயிற்சியின்போது, ஒரு லேசர் அச்சுப்பொறியின் விலை என்ற இடத்தில் 66 என்ற எண் பழகுவதற்காகப் பதியப்பட்டது. அது தவறுதலாக உண்மையான விற்பனைப் பக்கத்திலேயே ஏறிவிட்டது. அப்பொருளின் சரியான விலை 3,854 சிங்கப்பூர் வெள்ளி. ஐந்து நாள்கள் இதை நிறுவனத்தார் எவரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 13 அதிகாலையில் இச்செய்தி நண்பர்களிடையே பரவியது. 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆணை அனுப்பினர். ஒவ்வோர் ஆணைக்கும் கணினி தானாகவே ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் பிழையைக் கண்ட நிறுவனம் விலையை நீக்கி, அன்றே ஆணை அனுப்பியவர்களுக்கெல்லாம் ‘இது பிழை, இவ்விலைக்குத் தர இயலாது’ என்று அறிவித்தது. 1,606 பொறிகளுக்கு ஆணையிட்டிருந்த ஆறு பேர் வழக்குத் தொடுத்தனர்.

2004 ஏப்ரலில் நீதிபதி வி.கே. ராஜா வழக்கைத் தள்ளினார். 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. காரணம் எளியது. ஏறத்தாழ நாலாயிரம் வெள்ளிப் பொருள் 66 வெள்ளிக்கு வராது என்பது வாங்கியவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளே அதற்குச் சான்றாயின. பிழை என்று அறிந்தே அதைப் பற்றிக்கொள்பவனுக்கு ஒப்பந்தம் துணை நிற்காது என்பது தீர்ப்பின் சாரம்.

கோடாக் நிகழ்ச்சி

இதற்கு ஓராண்டு முன்னர், 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் கோடாக் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 329 பவுன் விலையுள்ள டிஜிட்டல் கேமரா 100 பவுன் என்று காட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஆணை அனுப்பினர். இங்கும் கணினி தானாகவே உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பியது. நிறுவனம் முதலில் மறுத்தது. வாங்கியவர்கள் ஒன்றுகூடி எதிர்க்கவே, அந்த ஜனவரி முடிவதற்குள் 100 பவுனுக்கே தருவதாக ஒப்புக்கொண்டது.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. 3,854 வெள்ளிப் பொருளை 66 வெள்ளி என்றால் எவரும் ஐயுறுவர். ஆனால் 329 பவுன் பொருளைப் புத்தாண்டுத் தள்ளுபடியில் 100 பவுனுக்குத் தருகிறார்கள் என்றால் நேர்மையானவர்களும் நம்பலாம். முன்னதை ‘நம்பத்தகாத பிழை’ என்றும் பின்னதை ‘நம்பத்தக்க பிழை’ என்றும் கூறுவோம். நம்பத்தக்க பிழையில் வாங்கியவர்மேல் குறைசொல்ல இடமில்லை. கோடாக் விலையையும் விட்டுக்கொடுத்தது. முதலில் மறுத்ததால் நற்பெயரிலும் இழப்புக் கண்டது. கொடுப்பதை முதல் நாளே கொடுத்திருந்தால் ஓர் இழப்பாவது மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

சிங்கப்பூர்த் தீர்ப்பை நம்பி நம் கடைக்காரர் கவலையற்றிருக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 20-ஆம் பிரிவில், இன்றியமையாத செய்தியில் இரு தரப்பாரும் பிழைபட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 22-ஆம் பிரிவோ, ஒரு தரப்பார் மட்டும் பிழைபட்டார் என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தை நீக்க முடியாது என்கிறது. விலையைத் தவறாக எழுதியவர் கடைக்காரர் ஒருவரே. ஆகவே ஒப்பந்தம் எந்தக் கணத்தில் உருவாகிறது என்பதே அவருக்கு முதற்கேள்வி.

விளம்பரம் பொதுவாக முன்மொழிவு ஆகாது. முன்மொழிய வருமாறு விடுக்கும் அழைப்பே ஆகும். பார்ட்ரிட்ஜ் எதிர் கிரிட்டென்டன் என்னும் 1968-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கில், இதழில் வந்த ஒரு பறவை விற்பனை விளம்பரத்தைப் பற்றி இவ்வாறே முடிவாயிற்று. ‘எனக்கு இரண்டு வேண்டும்’ என்று வாடிக்கையாளர் சொல்வதே முன்மொழிவு. ‘சரி, எடுத்து வைக்கிறோம்’ என்று கடைக்காரர் சொல்லும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. எனவே பிழை கண்ட நொடியில் முதலில் நிறுத்த வேண்டியது இந்த ஏற்புரையைத்தான். மேற்கண்ட இரு நிறுவனங்களையும் சிக்கலில் மாட்டியது தானாகச் சென்ற ஏற்புரையே என்பதை நினைவிற் கொள்க.

இன்னொன்றும் உண்டு. பிழை என்று தெரிந்த பின்னும் ‘கூட்டம் வரட்டும்’ என்று விளம்பரத்தை விட்டுவைத்தால் அது பிழையாக இராது, தூண்டில் ஆகிவிடும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகக் கொள்ள இடமளிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களெல்லாம் கூடுவர். அச்சமயம் அங்கே ஒரு துணிக்கடை இருப்பதாகக் கற்பனை செய்வோம். சேலை விலை ரூ.845. படம் தயாரித்தவர் எண்களை மாற்றி ரூ.485 என்று போட்டுவிட்டார். மாலை 7 மணிக்கு அப்படம் வாட்ஸ்அப் குழுக்களுக்குச் சென்றது. இரவு 9.30-க்குப் பிழை தெரிந்தது. அதற்குள் 14 பேர் ‘எனக்கு ஒன்று’ என்று எழுதிவிட்டனர். அவர்களில் 5 பேர் பணமும் அனுப்பிவிட்டனர். சேலையின் கொள்முதல் விலை ரூ.640.

ஆடித் தள்ளுபடியில் ரூ.485 என்பது நம்பத்தக்க விலையே. 14 பேருக்கும் அவ்விலைக்கே கொடுத்தால் ஒரு சேலைக்கு ரூ.155 வீதம் கைநட்டம் ரூ.2,170. வரவேண்டிய இலாபத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சேலைக்கு ரூ.360 வீதம் ரூ.5,040. கடை தாங்கக்கூடிய தொகை இது. 14 என்பது 400 ஆனால் கைநட்டமே ரூ.62,000 ஆகும், அப்போது பணம் அனுப்பியவர்களுக்கு மட்டும் பழைய விலை, மற்றவர்களுக்கு வருத்தமும் விளக்கமும் என்று வரம்பு கட்டலாம். வரம்பு எதுவாயினும் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சண்டை போட்டவருக்கு ரூ.485, சாதுவாகப் போனவருக்கு ரூ.845 என்றானால், அது ஊர் முழுவதும் பேசப்படும்.

திருத்தத்தை எழுதும் முறை

வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்தைப் பதினைந்து நிமிடங்களுக்குள் மாற்றலாம். இரண்டு நாள்கள் வரை எல்லாரிடத்தும் அழிக்கவும் செய்யலாம். ஆனால் பிறர் எடுத்து மற்றக் குழுக்களுக்கு அனுப்பிய படம் அழியாது. ஓசையின்றி அழித்துவிட்டுப் புதுப்படம் போடும் கடைக்காரர் இதனை மறக்கிறார். அடுத்த நாள் ஒருவர் பழைய படத்தோடு கடைக்கு வருவார். கடைக்காரர் மறுத்தால் ஏமாற்றுவதாகவே அவருக்குத் தோன்றும். எனவே திருத்தத்தில் சரியான எண்ணோடு தவறான எண்ணும் இருக்க வேண்டும். கையில் பழைய படம் வைத்திருப்பவர் ‘இது அதுதான்’ என்று அறிந்துகொள்ள வேறு வழியில்லை. திருத்தம் இவ்வாறு அமையலாம்:

‘திருத்தம். இன்று மாலை 7 மணிக்கு நாங்கள் அனுப்பிய படத்தில் சேலை விலை ரூ.485 என்றிருப்பது எங்கள் தவறு. சரியான விலை ரூ.845. இரவு 9.30-க்கு முன் கேட்டவர்களுக்கு ரூ.485-க்கே தருகிறோம். பணம் அனுப்பியவர்கள் வேண்டாம் எனில் முழுத்தொகையும் நாளையே திருப்பி அனுப்பப்படும்.’

எது தவறு, எது சரி, முன்பே கேட்டவருக்கு என்ன, பணம் கட்டியவருக்கு என்ன என்ற நான்குமே அதில் உள்ளன. ‘கணினிக் கோளாறு’, ‘அச்சகத்தார் பிழை’ என்ற சமாதானங்கள் இல்லை. அதே அறிவிப்பில் வேறு பொருளுக்கு விளம்பரமும் இல்லை. இருந்தால் பிழையே ஒரு தந்திரமோ என்ற ஐயம் எழும். முதற்படம் சென்ற எல்லாக் குழுக்களுக்கும் இது சென்றாக வேண்டும். பணம் கட்டிய ஐவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்லுதல் நலம். கடை வாசலில் ஒரு தாளும் ஒட்டி, விற்பனையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் அறியாவிடில் குழப்பம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பிழை எதிர்த்திசையில் நேர்வதும் உண்டு. ரூ.485 சேலையை ரூ.845 என்று விளம்பரம் செய்து சிலர் அவ்விலைக்கே வாங்கிச் சென்றிருந்தால், அவர்கள் கேட்குமுன் ரூ.360-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனக்கு நட்டம் வரும்போது மட்டும் விரைந்து திருத்துகிறவர் என்ற பெயர் எடுத்த கடையின் மற்றத் திருத்தங்களை எவரும் நம்பார்.

நாள் தவறினால்

விலைப் பிழைக்கு உள்ள ‘நம்பத்தகாத’ என்ற அளவுகோல் நாள் பிழைக்குக் கிடையாது. 25-ஆம் தேதி தொடங்கும் தள்ளுபடியை 15 என்று போட்டால் அதை ஐயுற ஒருவருக்கும் காரணமில்லை. இழப்பின் தன்மையும் வேறு. மேலநீலிதநல்லூரிலிருந்து பேருந்தேறிச் சங்கரன்கோவில் வந்தவருக்கு, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதென்ற பேச்சே இல்லை. அவர் இழந்தது பயணச் செலவும் ஒரு நாள் வேலையும். 15-ஆம் தேதி வந்தவருக்கு அன்றே தள்ளுபடி விலையில் கொடுத்தனுப்புவதே தக்க பரிகாரம். முடியும் நாளைத் தள்ளிப் போட்டுவிட்டால், அறிவித்த நாள் வரை விற்பனையை நீட்டிப்பதே எல்லாவற்றிலும் மலிவு. தொடங்கும் நாளைப் பிந்திப் போட்டிருந்தால் எவரும் வீணாக வருவதில்லை. திருத்தம் மட்டும் போதும்.

நாள் பிழையைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. தேதியோடு கிழமையையும் எழுத வேண்டும். தேதி தவறினால் பெரும்பாலும் கிழமை ஒத்துவராது. அனுப்புமுன் நாள்காட்டியோடு ஒப்பிடுகிறவர் கண்டுகொள்வார், அவர் தவறவிட்டால் முதலில் படிப்பவர் கேட்பார். அதுபோன்றே விலையோடு ‘முன்விலை ரூ.1,200, தள்ளுபடி ரூ.355, இப்போது ரூ.845’ என்று கணக்காக எழுதினால், எண் மாறியதைக் கழித்தல் கணக்கே காட்டிக்கொடுக்கும். முன்விலை மட்டும் உண்மையானதாக இருக்க வேண்டும். படம் செய்தவர் அல்லாத மற்றொருவர், கடையின் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்புமுன் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் இவ்வளவு தொல்லைக்கும் பெரும்பாலும் இடமிராது.