ஒரு நாணயமும் ஒரு சொல்லும்

மும்பையின் சிவாஜி பூங்காத் திடலில் ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடைபெறும். ஓர் ஆட்டத்தின் களக்காப்பாளர் மற்றோர் ஆட்டத்தின் எல்லைக்குள் நிற்பதும், அயலாரின் பந்து கால்களுக்கிடையே உருண்டு செல்வதும் அங்கு இயல்பு. மாதுங்கா, செம்பூர் திடல்களிலும் தாராவிச் சந்துகளிலும் விளையாடும் சிறுவர்க்கும் இக்காட்சி புதிதன்று. இத்தகைய ஆரவாரத்தில் மட்டையாளர் தம் கவனத்தை எவ்வாறு காப்பது?

1980களில் அத்திடலில் பயிற்சியளித்த ராமகாந்த் அச்ரேக்கர் ஓர் எளிய வழியைக் கையாண்டார். பயிற்சியின் இறுதியில், உடல் களைத்திருக்கும் வேளையில், ஸ்டம்பின் மீது ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். மட்டையாளரை வீழ்த்தும் பந்துவீச்சாளருக்கு அந்த நாணயம் உரியது. எவரும் வீழ்த்தாவிடில் அது மட்டையாளருக்கே உரியது. சிறுவனாக இருந்த சச்சின் டெண்டுல்கர் இவ்வாறு 13 நாணயங்களை வென்றார்.

இப்பயிற்சியில் நாணயமே ஓர் இடையூறு என்பதை உணர வேண்டும். பரிசை எண்ணும் மனம் பந்தைத் தவறவிடும். களைப்பும் ஆசையும் அச்சமும் ஒருங்கே வந்து நிற்கும்போதும் அடுத்த பந்தை மட்டும் காணப் பழகுவதே அதன் பயன்.

கவனத்தை ஒரு மணி நேரம் இறுக்கிப் பிடித்திருத்தல் எவர்க்கும் அரிது. எனவே மட்டையாளர் அதனைத் தளர்த்தவும் குவிக்கவும் கற்கிறார். ஒரு பந்து முடிந்ததும் ஓரடி விலகி, மூச்சை மெல்ல வெளியிட்டு, களக்காப்பாளர் நிற்கும் இடங்களைப் பார்க்கிறார். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் ‘பந்து’ என்று மனத்துக்குள் கூறி, பந்தைப் பிடித்திருக்கும் கையின் மீது பார்வையைக் குவிக்கிறார். இச்சொல்லே குறிச்சொல் எனப்படும். அது குறுகியதாகவும், செய்ய வேண்டியதைச் சுட்டுவதாகவும் இருத்தல் வேண்டும். ‘வெளியேறிவிடாதே’ என்னும் சொல் வெளியேறுதலையே நினைவூட்டும். ஆதலால் அது குறிச்சொல்லாகாது.

பயிற்சி நடைபெறும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பன்னிரண்டு வயது மாணவி ஒருத்திக்கு முதலில் அமைதியான சூழலில் டென்னிஸ் பந்தால் 12 பந்துகள் வீசப்படுகின்றன. அவற்றுள் 9 பந்துகளை மட்டையின் நடுவில் ஆடுகிறாள் எனக் கொள்வோம். பின்னர்த் தோழியர் பின்புறம் நின்று கைதட்டுகின்றனர். அவளைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். இப்பொழுது 5 பந்துகளையே நன்கு ஆடுகிறாள். குறைந்த நான்கும் கவனச் சிதறலின் அளவாகும். மூன்றாவதாக, அதே ஆரவாரத்தில் குறிச்சொல்லுடன் ஆடுகிறாள். சில நாள்களில் எண்ணிக்கை 5இலிருந்து 7 ஆக உயருமானால் குறிச்சொல் பயன் தருகிறது என்று கொள்ளலாம். அதன் பின்னரே நாணயம் போன்ற பரிசை வைத்தல் வேண்டும்.

எண்ணிக்கை உயராவிடில் காரணத்தை ஆராய வேண்டும். அமைதியிலேயே பாதிப் பந்துகளைத் தவறவிடுபவர்க்குக் குறை கவனத்தில் இல்லை, ஆட்டமுறையில் உள்ளது. அதனை முதலில் திருத்துதல் வேண்டும். பந்து வருமுன் தலை ஒலி வந்த பக்கம் திரும்பினால், ஆரவாரம் மிகுதி என்று அறிந்து அதனைக் குறைத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே ஒலியை எழுப்பினால் காது அதற்குப் பழகிவிடும். அப்பொழுது எண் உயர்ந்தாலும் கவனம் வளர்ந்ததாகாது. ஆகவே ஒலியை மாற்றுதல் நன்று.

சில எல்லைகளும் உண்டு. வன்பந்து வீசப்படும்போது மட்டையாளரின் கண்ணை மறைத்தலோ குறுக்கே ஓடுதலோ கூடாது. ஒருவரின் மொழியையோ உருவத்தையோ பழித்தல் பயிற்சியன்று. பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால் எவரேனும் நடமாடினால், கையை உயர்த்தி, ஆடாமல் விலகி நிற்பதே முறை. எல்லா இடையூற்றையும் பொறுத்தல் அன்று, பொறுக்கத்தக்கது எது என அறிதலே கவனத்தின் முதிர்ச்சி.

சொற்பொருள்
ஆரவாரம் – பேரொலி
இடையூறு – தடை
ஒருங்கே – ஒன்றாக
களைப்பு – சோர்வு

வினாக்கள்
1. நாணயமே ஓர் இடையூறு என்று கூறப்படுவது ஏன்?
2. ‘வெளியேறிவிடாதே’ என்பது ஏன் குறிச்சொல்லாகாது?
3. ஒருவர் அமைதியில் 10 பந்துகளையும் ஆரவாரத்தில் 6 பந்துகளையும் நன்கு ஆடினார். அவருடைய கவனச் சிதறலின் அளவு யாது?
4. நீ விரும்பும் விளையாட்டுக்கு ஒரு குறிச்சொல் அமைத்து, அதனை எப்பொழுது கூறுவாய் என்பதை மூன்று தொடர்களில் எழுதுக.